40 ரூபாய் டீக்காசு 25 ஆண்டில் எவ்வளவு ஆகும்?

கேள்வி: "எனக்கு வயது 32. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை. இரண்டு டீ, ஒரு பழம்பொரி என்று தினமும் 40 ரூபாய் கடையில் போகிறது. இதைச் சேர்த்து வைத்தால் 25 வருடத்தில் 22 லட்சம் ஆகும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். எனக்குப் பங்குச் சந்தை என்றால் பயம். நிச்சயமான இடத்தில் போட்டால் உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? டீயை விட்டுவிடலாமா?"

தம்பி, அந்த 22 லட்சம் எங்கிருந்து வந்தது என்பதில் இருந்தே தொடங்குகிறேன். தினம் 40 என்றால் மாதம் 1,200. மாதத்துக்கு 1 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 12 சதவீதம் வீதம் 300 மாதங்கள் வளர்ந்தால் 22 லட்சத்து 77 ஆயிரம் வரும். கணக்கில் பிழை இல்லை. அந்த 12 சதவீதத்தை 25 ஆண்டுகளும் தவறாமல் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருபவர்தான் யாரும் இல்லை. பங்குச் சந்தையில் அது கிடைக்கலாம், அதைவிடக் கூடலாம், குறையலாம். பயம் என்று நீங்களே சொல்லிவிட்டதால் அந்தப் பக்கம் உங்களைத் தள்ள மாட்டேன். சந்தை என் தொழிலாகவும் இருந்ததில்லை. 31 ஆண்டுகள் தபால் நிலையங்களின் சேமிப்புக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். சின்னத் தொகைகள் எப்படி வளர்கின்றன, எங்கே வளராமல் நின்றுவிடுகின்றன என்பதைப் பாஸ்புத்தகங்களில் பார்த்துத் தெரிந்துகொண்டவன். அந்த அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

நிச்சயமான இடம் என்று நீங்கள் கேட்பதற்கு மிக அருகில் வருவது பொது வருங்கால வைப்பு நிதி. பி.பி.எஃப். என்று சொல்வார்கள். தபால் நிலையத்திலும் வங்கிகளிலும் தொடங்கலாம். 2020 ஏப்ரல் முதல் அதன் வட்டி 7.1 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் 31 அன்று வட்டியைக் கணக்கில் சேர்ப்பார்கள். அதற்கு வருமான வரி கிடையாது. உங்களுக்குப் பொருத்தமான இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது. கணக்கின் காலம் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கொள்ளலாம். இரண்டு முறை நீட்டினால் 25 ஆண்டுதான்.

மாதம் 1,200 ரூபாயை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டில் போடுவது 14,400. அந்த ஆண்டிலேயே அதற்குக் கிடைக்கும் வட்டி சுமார் 554. ஆக, ஆண்டு முடிவில் 14,954. இப்படி 25 ஆண்டு, வட்டி 7.1 சதவீதமாகவே நீடித்தால், முடிவில் கையில் வருவது ஏறத்தாழ 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 ரூபாய். நீங்கள் போட்டது 3 லட்சத்து 60 ஆயிரம். மீதி 6 லட்சம் வட்டி. கைபேசியிலோ கணினியிலோ விரிதாள் இருந்தால் இந்த ஒரு வரியைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

```
=FV(7.1%, 25, -14953.8)
```

மனதில் வைத்துக்கொள்ள எளிதான அளவு ஒன்று சொல்கிறேன். தினம் 10 ரூபாய், இந்த வட்டியில், 25 ஆண்டில் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம். 20 ரூபாய் என்றால் அதன் இரு மடங்கு. இதற்குத் தனிக் கணக்கு வேண்டாம்.

ஆனால் 9 லட்சத்து 59 ஆயிரம் என்ற இறுதித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு ஆரம்பித்தவர்கள் பலர் ஐந்தாம் ஆண்டிலேயே சோர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். காரணம், வளர்ச்சி சீராக வராது. ஐந்தாண்டு முடிவில் உங்கள் பாஸ்புத்தகத்தில் இருப்பது 86 ஆயிரம். போட்டது 72 ஆயிரம். ஐந்து வருடம் வாயைக் கட்டி வட்டியாகக் கிடைத்தது வெறும் 14 ஆயிரம் என்று தோன்றும். பத்தாண்டு முடிவில் 2 லட்சத்து 7 ஆயிரம். அதற்கு அடுத்த ஆண்டில்தான், அதாவது 11ஆம் ஆண்டில்தான், அந்த வருடத்து வட்டி நீங்கள் அந்த வருடம் போட்ட தொகையை முதன்முறையாகத் தாண்டுகிறது. அதுவரை பணத்தை நீங்கள் சுமக்கிறீர்கள், அதன் பிறகு அது தன்னைத்தானே சுமக்கத் தொடங்குகிறது. 15ஆம் ஆண்டில் 3 லட்சத்து 78 ஆயிரம், 20ஆம் ஆண்டில் 6 லட்சத்து 19 ஆயிரம், 25ஆம் ஆண்டில் 9 லட்சத்து 59 ஆயிரம். கடைசி ஐந்து ஆண்டுகளில் மட்டும் ஏறுவது 3 லட்சத்து 40 ஆயிரம். முதல் 15 ஆண்டுகளில் மொத்தமாகச் சேர்ந்ததை அது கிட்டத்தட்ட எட்டிவிடுகிறது.

இதையே திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதல் பத்து ஆண்டுகளில் நீங்கள் போடுவது 1 லட்சத்து 44 ஆயிரம். அந்தப் பணம் கடைசிவரை இருந்தால் 5 லட்சத்து 80 ஆயிரம் ஆகிறது. அடுத்த 15 ஆண்டுகளில் போடும் 2 லட்சத்து 16 ஆயிரம் 3 லட்சத்து 78 ஆயிரம்தான் ஆகிறது. கூடுதலாகப் போட்ட பணம் குறைவாகவும் குறைவாகப் போட்ட பணம் கூடுதலாகவும் வளர்வதற்கு, அது உள்ளே இருந்த காலத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. எனவே பத்தாம் ஆண்டில் அந்த 2 லட்சம் உள்ளே இல்லாமல் போனால் குறைவது 2 லட்சம் அல்ல, இறுதித் தொகையில் 5 லட்சத்து 80 ஆயிரம்.

முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த ஓர் அம்மாவை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். தொடர் வைப்பு, அதாவது ஆர்.டி., போடுவதில் அவரைப் போல ஒழுங்கானவரை நான் பார்த்ததில்லை. ஐந்து ஆண்டு முடியும், பணத்தை வாங்குவார், அடுத்த மாதமே புதிய கணக்கு தொடங்குவார். முதல் கணக்கின் பணம் வீட்டுக் கூரைக்குப் போயிற்று. இரண்டாவது மகளின் நகைக்கு. மூன்றாவது கணவரின் மருத்துவச் செலவுக்கு. எதையும் வீண் என்று சொல்ல முடியாது. அந்த ஆர்.டி. இல்லையென்றால் மூன்றுக்கும் வட்டிக்குக் கடன் வாங்கியிருப்பார். ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் 25 ஆண்டு வளர்ச்சி அவருக்கு நடக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஐந்தாம் ஆண்டில் நின்று, மீண்டும் பூஜ்யத்திலிருந்து ஏறினார். இன்றைய 6.7 சதவீதத்தில் மாதம் 1,200 போட்டால் ஐந்தாண்டு ஆர்.டி. முடிவில் 85,600 சொச்சம் வரும். அதை ஐந்து முறை செய்து ஐந்து முறையும் செலவழித்தால் மொத்தம் 4 லட்சத்து 28 ஆயிரம் கையில் வந்து போயிருக்கும். வட்டி விகிதத்தில் இருக்கும் சின்ன வேறுபாட்டால் இது குறையவில்லை. பணம் நடுவில் கைக்கு வந்துபோனதால் குறைந்தது. ஆகவே வீட்டு அவசரத்துக்கு என்று ஒரு சின்ன ஆர்.டி. வேறாக இருக்கட்டும். 25 ஆண்டுக்கு என்று வைப்பதை அதோடு கலக்காதீர்கள்.

இனி, வீடியோக்களில் நான் அதிகம் கேட்காத பகுதிக்கு வருகிறேன். அந்த 9 லட்சத்து 59 ஆயிரத்துக்கு 25 ஆண்டு கழித்து என்ன வாங்க முடியும்? விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி குறிவைப்பது 4 சதவீதம், மேலும் கீழும் 2 சதவீதம் விலகலாம் என்பது அதன் வரம்பு. எனவே 5 என்பது நியாயமான ஊகம், அவ்வளவுதான். அப்படி ஏறினால் இன்றைக்கு 40 ரூபாயாக இருக்கும் உங்கள் இரண்டு டீயும் பழம்பொரியும் 25 ஆண்டு கழித்து 135 ரூபாய் 45 காசு ஆகியிருக்கும். 9 லட்சத்து 59 ஆயிரத்தை 135.45 ஆல் வகுத்தால் சுமார் 7,080 நாளுக்கான டீயும் பழம்பொரியும். இன்றைய விலையில் சொன்னால் அது 2 லட்சத்து 83 ஆயிரம் ரூபாய்.

இதைக் கேட்டதும், 25 வருடத்தில் 9,000 நாள் டீயை விட்டுவிட்டு 7,080 நாள் டீயா திரும்பக் கிடைக்கிறது என்று கோபம் வரும். ஆனால் கணக்கு அப்படி இல்லை. டீயின் விலை வருடா வருடம் ஏறும்போது நீங்கள் போடும் தொகை மட்டும் 1,200 ஆகவே நிற்கிறது அல்லவா? இரண்டாம் ஆண்டில் அதே பழக்கத்துக்கு மாதம் 1,260 ஆகும், பத்தாம் ஆண்டில் 1,860 ஆகும். நீங்கள் சேர்ப்பதோ அதே 1,200. அப்படியானால் பத்தாம் ஆண்டில் நீங்கள் முழுப் பழக்கத்தையும் சேமிக்கவில்லை. மூன்றில் இரண்டு பங்கை மட்டும் சேமிக்கிறீர்கள், மீதியைக் கடையிலோ வேறெங்கோ செலவழித்துவிடுகிறீர்கள். 25 ஆண்டுகளையும் கூட்டினால் 1,200 ரூபாய் மாதத் தவணை மூலம் நீங்கள் உண்மையில் விட்டுக்கொடுப்பது 5,300 நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான டீதான். அதற்குப் பதில் 7,080 கிடைக்கிறது. மூன்றுக்கு நான்கு. இதுதான் இந்தப் பாதுகாப்பான வட்டியின் உண்மையான அளவு. ஏமாற்றமில்லை, மாயமும் இல்லை.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒரு விஷயம் கிடைக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தவணையை 5 சதவீதம் ஏற்றுங்கள். முதல் ஆண்டு 1,200, அடுத்த ஆண்டு 1,260, அதற்கடுத்து 1,320 சொச்சம். டீக்கடைப் பலகையில் விலையை மாற்றி எழுதும்போது நீங்களும் தவணையை மாற்றுங்கள் என்று என்னிடம் வந்தவர்களுக்குச் சொல்வேன். அது மறக்காது. கடைசி ஆண்டில் மாதத் தவணை 3,870 ஆக இருக்கும். இன்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனால் அன்றைய உங்கள் கூலியும் இன்றைய கூலியாக இருக்காது. இப்படிப் போட்டால் 25 ஆண்டு முடிவில் கிடைப்பது 15 லட்சத்து 44 ஆயிரம். அன்றைய 135 ரூபாய் விலையில் 11,400 நாள் டீ. இன்றைய மதிப்பில் சுமார் 4 லட்சத்து 56 ஆயிரம். வட்டி விகிதத்தைத் துரத்தாமல், தவணையை விலையோடு சேர்த்து நகர்த்துவதால் மட்டும் வந்த வேறுபாடு இது.

உங்கள் தொழிலுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று பார்ப்போம். மாதச் சம்பளக்காரருக்கு எழுதிய யோசனைகள் பால் வெட்டுபவருக்குச் சரிவராது. நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்கிறது, வடகிழக்கும் பெய்கிறது. மழை பெய்த விடியலில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. இலை உதிர்ந்து புதுத் தளிர் வரும் நாட்களிலும் மரத்துக்கு ஓய்வு. இத்தனை இடைவெளி இருக்கும்போது மாதா மாதம் தவறாமல் கட்ட வேண்டிய ஆர்.டி. உங்களை நெருக்கும். அதில் ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் வீதம் தண்டம். நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கே நின்றுபோய், குறிப்பிட்ட காலத்துக்குள் புதுப்பிக்க வேண்டிவரும். பி.பி.எஃப்.பில் அந்தத் தொல்லை இல்லை. ஓர் ஆண்டில் குறைந்தது 500 ரூபாய் போட்டால் கணக்கு உயிரோடு இருக்கும். மற்றபடி கையில் இருக்கும்போது போடலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம்.

தேதியைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுபவர்களும் இருக்கிறார்கள். மாதம் 5ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையில் கணக்கில் எது குறைந்த இருப்போ அதற்குத்தான் அந்த மாத வட்டி. ஆகவே 6ஆம் தேதி போட்டால் அந்த மாதம் அதற்கு வட்டி இல்லை. 1,200 ரூபாய்க்கு அந்த இழப்பு 7 ரூபாய் 10 காசு. ஒவ்வொரு மாதமும் தவறாமல் தாமதித்தாலும் 25 ஆண்டில் இறுதித் தொகையில் குறைவது ஐயாயிரத்து ஐந்நூறுக்குள். அதற்காக மழையில் ஓடி வர வேண்டாம். ஆனால் முதல் ஆண்டை முழுவதுமாகத் தவறவிட்டால் குறைவது 77 ஆயிரத்து 500. கடைசி ஆண்டைத் தவறவிட்டால் 15 ஆயிரம். அதனால் வெட்டு நன்றாக நடக்கும் மாதங்களில் கூடுதலாகப் போட்டு, மழை மாதங்களை அதனால் ஈடுகட்டுங்கள். ஒட்டுப்பால் விற்ற காசில் உங்களுக்குப் பங்கு கிடைத்தால் அதையும் இங்கே கொண்டுவரலாம். ஆண்டின் மொத்தம் 14,400 ஆகிறதா என்பதை மார்ச் 20 வாக்கில் பாஸ்புத்தகத்தைத் திறந்து ஒரு முறை பாருங்கள். குறைந்தால் அந்தப் பத்து நாளில் நிரப்பிவிடுங்கள்.

15ஆம் ஆண்டின் முடிவில் ஒரு குழி இருக்கிறது. தொடர்ந்து பணம் போட விரும்பினால் முதிர்வு தேதியிலிருந்து ஓர் ஆண்டுக்குள் நீட்டிப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஏற்கெனவே இருக்கும் தொகைக்கு வட்டி வந்துகொண்டிருக்கும், ஆனால் அதன் பிறகு போடும் பணம் முறையற்றது. அதற்கு வட்டி இல்லை. கைப்பேரேட்டில் எழுதிய காலத்தில், கணக்கு ஓடுகிறது என்று நம்பி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பணம் போட்ட ஒருவர் எங்களிடம் வந்தார். அந்த இரண்டு ஆண்டுப் பணத்தையும் வட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் கணக்கு தொடங்கிய அன்றே பாஸ்புத்தகத்தின் முதல் பக்கத்தில் முதிர்வு தேதியையும் "படிவம்" என்ற சொல்லையும் பெரிதாக எழுதி வையுங்கள். தொடங்கிய நிதியாண்டு முடிந்ததிலிருந்து 15 ஆண்டு என்பதால், தேதியைக் கவுண்டரில் கேட்டே எழுதிக்கொள்ளுங்கள். 20ஆம் ஆண்டில் இன்னொரு முறை படிவம். வாரிசுதாரர் பெயரையும் அன்றே பதிந்துவிடுங்கள்.

நிச்சயமில்லாதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 7.1 சதவீதம் 25 ஆண்டும் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வட்டியை மறுபரிசீலனை செய்கிறது, மாற்றினால் உங்கள் பழைய பணத்துக்கும் அதுவே பொருந்தும். 1990களில் இதே கணக்குக்கு 12 சதவீதம் கொடுத்தோம். 2000இல் 11 ஆனது, 2003 மார்ச்சில் 8 ஆக இறங்கியது. பிறகு 8.8 வரை ஏறி, இன்று 7.1இல் நிற்கிறது. 12 சதவீதத்தைப் பார்த்துத் திட்டம் போட்டவர்களின் கணக்கு எல்லாம் பொய்த்தது. ஆனால் அந்த நாட்களில் விலைவாசியும் வேகமாக ஏறிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் 1,200க்கு வட்டி சராசரியாக 6 ஆக இறங்கினால் இறுதித் தொகை 8 லட்சத்து 15 ஆயிரம். 8 ஆக ஏறினால் 10 லட்சத்து 98 ஆயிரம். ஆகவே யாராவது கேட்டால் எட்டிலிருந்து பதினொரு லட்சம் என்று சொல்லுங்கள். அதுதான் நேர்மையான விடை.

அதைவிட நிச்சயமில்லாதது இன்னொன்று உண்டு. குடிக்காத டீயின் காசு உண்மையில் சேமிப்பாகிறதா? பெரும்பாலும் ஆவதில்லை. சட்டைப் பையிலேயே கிடந்து மாலையில் வேறு எதற்கோ போய்விடுகிறது. கண்டுபிடிக்கும் வழி எளிது. மாத முடிவில் கணக்கில் 1,200 ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் டீயும் போயிற்று, காசும் போயிற்று. எனவே காசு எந்த நேரத்தில் செலவாகுமோ அந்த நேரத்திலேயே அதை அப்புறப்படுத்த வேண்டும். வழக்கமாகக் கடைக்குப் போகும் வேளையில் 40 ரூபாயை ஒரு டப்பாவில் போடுங்கள், வாரம் ஒருமுறை கணக்குக்குக் கொண்டுபோங்கள். இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் செயலி இருந்தால் கைபேசியிலிருந்தே தபால் நிலைய பி.பி.எஃப். கணக்குக்கு அனுப்பலாம்.

கடையில் குடிப்பதை நிறுத்தினால் வீட்டில் குடிப்பீர்கள், அதற்கும் செலவு உண்டு. பால், சர்க்கரை, தேயிலைத் தூள், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு டீ 8 ரூபாய்க்குக் குறையாது. இரண்டு டீயையும் வீட்டுக்கு மாற்றினால் 16 ரூபாய் அங்கே போகும், மிச்சம் 24தான். நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பவருக்கு அந்த விடியற்காலை டீ வெறும் பழக்கம் அல்ல, உடம்புக்குத் தேவை. எந்தத் தோட்டத்தில் வெட்டு ஆள் தேவை, யார் என்ன கூலி கொடுக்கிறார் என்ற செய்தியும் அந்தக் கடை பெஞ்சில்தான் கிடைக்கிறது. என் கருத்து கேட்டால், காலை டீ இருக்கட்டும். அதன் 15 ரூபாயைத் தொடாதீர்கள். மாலை டீயையும் பழம்பொரியையும் மட்டும் விடுங்கள், மாலையில் வீட்டில் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் 25 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். மாதம் 750. மேலே சொன்ன பத்து ரூபாய்க் கணக்கில் 25 ஆண்டில் 6 லட்சம். ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றிப் போட்டால் 9 லட்சத்து 65 ஆயிரம். அதாவது 40 ரூபாயை ஏற்றாமல் போடுவதைவிட, 25 ரூபாயை ஏற்றிப் போடுவது இறுதியில் சற்று அதிகம் தருகிறது. வருடா வருடம் கடைப்பிடிப்பதும் அதுதான் எளிது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். வீட்டு நகை அடகில் இருக்கிறதா? நம் பக்கத்தில் பாதி வீடுகளில் இந்தக் கேள்விக்கு ஆம் என்றுதான் பதில் வரும். 50,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் நகை இருந்தால், மாதம் 500 ரூபாய் வட்டியாகவே போகிறது. அப்படியிருக்க 7.1 சதவீதத்துக்குப் பணம் போடுவது, ஓட்டைக் குடத்தை அடைக்காமல் தண்ணீர் ஊற்றுவது போல. மாதம் 1,200 வீதம் முதலில் அந்தக் கடனில் கட்டினால் நாலரை ஆண்டில் நகை வீட்டுக்கு வந்துவிடும். தனியாரிடம் அதைவிடக் கூடுதல் வட்டி என்றால், முதலில் அடைக்க வேண்டியதும் அதைத்தான். கடனில் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் 12 சதவீத லாபத்துக்குச் சமம், அது நிச்சயமான 12 சதவீதமும்கூட. அந்தக் காலத்திலும் பி.பி.எஃப். கணக்கை 500 ரூபாயில் தொடங்கி, ஆண்டுக்கு 500 போட்டு வைத்திருங்கள். 15 ஆண்டு என்ற காலம் கணக்கு தொடங்கிய நிதியாண்டை வைத்துத்தான் ஓடும்.

கணக்கு தொடங்க ஆதார், பான், இரண்டு புகைப்படம், 500 ரூபாய் போதும். நகைக் கடன் ஏதாவது இருந்தால் தொகையையும் வட்டியையும் இங்கேயே எழுதுங்கள், எதை எந்த மாதம் கட்டுவது என்று உங்களுக்காகத் தனியே கணக்குப் போட்டுத் தருகிறேன்.